படிக்கப் போகும் நர்சின் ராஜினாமா கடிதம்

"மேடம், மூன்று மாதமாகக் கேட்ட நாளில் ஒரு லீவுகூடக் கிடைக்கவில்லை. தொடர்ந்து நைட் டூட்டி போடுகிறார்கள். வென்டிலேட்டரில் இருக்கும் மூன்று பேரை ஒரே ஆளாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. சம்பளமும் ஏற்றவில்லை. எனக்கு எம்.எஸ்சி. நர்சிங் சீட் கிடைத்துவிட்டது. அதனால் 21ஆம் தேதிக்குப் பிறகு நான் வேலைக்கு வர மாட்டேன். என்னுடைய ஒரிஜினல் சர்டிபிகேட், எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட், பாக்கிச் சம்பளம் எல்லாவற்றையும் உடனே கொடுத்துவிடவும்."

ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று ஆண்டுகள் ஸ்டாஃப் நர்சாக இருந்த பெண் எழுதிய ராஜினாமா கடிதம் இது. நான் நர்சிங் சூப்பரிண்டெண்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால், கொடுப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துத் தரச் சொல்லிக் கொண்டுவந்திருந்தாள். படித்துவிட்டு நிமிர்ந்தபோது, "இதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை சிஸ்டர்" என்றாள். அது உண்மைதான். அவள் எழுதிய ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் தூங்காத ஓர் இரவு இருக்கிறது. ஆனாலும் இந்தக் கடிதத்தை அப்படியே கொடுக்க வேண்டாம் என்றேன். ஏன் என்பதை அவளுக்குச் சொன்ன அளவு விரிவாகவே இங்கேயும் எழுதுகிறேன். ஆண்டுதோறும் மேற்படிப்பு சேர்க்கை நடக்கும் மாதங்களில் எத்தனையோ நர்சுகள் இதே கடிதத்தை எழுத உட்காருகிறார்கள்.

ஒரு ராஜினாமா கடிதம் சூப்பரிண்டெண்டென்ட் மேசைக்கு வந்ததும் அவர் முதலில் தேடுவது தேதியை. இந்தப் பெண் கடைசியாக எந்த நாள், எந்த ஷிப்டில் வேலைக்கு வருவாள்? அப்பாயிண்ட்மென்ட் ஆர்டரில் சொன்ன நோட்டீஸ் காலம் முடிகிறதா? அடுத்த மாத ரோஸ்டரில் பெயர் போடலாமா, வேண்டாமா? அவள் கையில் வார்டில் என்னென்ன பொறுப்புகள் இருக்கின்றன, அவற்றை யார் வாங்கிக்கொள்வார்கள்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிட்டால், கடிதத்தின் ஓரத்தில் "இன்ன தேதியில் விடுவிக்கலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மனிதவளப் பிரிவுக்கு அனுப்பிவிடலாம். பதில் இல்லாத கடிதம் மேசையிலேயே கிடக்கும். கேட்டு எழுத ஆள் அனுப்புவார்கள், வரச் சொல்வார்கள், பேச்சு வளரும், நாள் போகும்.

மேலே உள்ள கடிதத்தில் 21ஆம் தேதி என்பது மட்டும்தான் இருக்கிறது. அதுவும் நோட்டீஸ் காலத்தைப் பற்றிப் பேசாமல் "வர மாட்டேன்" என்று முடிகிறது. அதைப் படிப்பவர் பணியை விட்டு ஓடிப்போகிறாள் என்றுதான் எடுத்துக்கொள்வார். லீவு, சம்பளம் பற்றிய வரிகளுக்குச் சூப்பரிண்டெண்டென்ட் பதில் எழுதியாக வேண்டும். அதனால் விடைபெறும் கடிதம் ஒரு வழக்காக மாறிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கடிதம் அவளுடைய பணிக் கோப்பில் போய் உட்காரும். இன்றைய சூப்பரிண்டெண்டென்ட் மாறிப் போவார், வார்டு இன்சார்ஜ் மாறிப் போவார், கோப்பு மாறாது. நாளை அவள் வளைகுடா நாடு ஒன்றில் வேலைக்கு விண்ணப்பித்தால், அவள் சொன்ன அனுபவம் உண்மையா என்று கேட்டுப் பழைய மருத்துவமனைக்கே சரிபார்ப்பு வரும். நர்சிங் கல்லூரியில் ஆசிரியர் வேலைக்குப் போனாலும் பழைய இடத்தில் விசாரிப்பார்கள். அப்போது பதில் எழுதப் போகிறவர் அவளை ஒருநாளும் பார்த்திராத ஒரு குமாஸ்தாவாக இருக்கலாம். அவருக்குத் தெரிந்தது கோப்பில் உள்ள தாள்கள் மட்டும்தான்.

முதலில் தேதிக் கணக்கைச் சரிசெய்தோம். இதில்தான் மேற்படிப்புக்குப் போகிற நர்சுகள் அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள். கலந்தாய்வில் சீட் ஒதுக்கினால் சேர்வதற்குக் கொடுக்கும் கெடு சில நாட்கள் அல்லது சில வாரங்கள்தான். மருத்துவமனையின் நோட்டீஸ் காலமோ ஒரு மாதம். சில இடங்களில் இரண்டு, மூன்று மாதங்கள்கூட உண்டு. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துவது அபூர்வம். எம்.எஸ்சி. நர்சிங் இரண்டு ஆண்டு முழுநேரப் படிப்பு என்பதால், வேலை பார்த்துக்கொண்டே சேர்ந்துவிட்டு மெதுவாக விலகிக்கொள்ளவும் வழியில்லை.

இவளுடைய அப்பாயிண்ட்மென்ட் ஆர்டரைத் தேடி எடுத்து வரச் சொன்னேன். நோட்டீஸ் 30 நாள், அதற்குக் குறைந்தால் குறைந்த நாட்களின் சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. கல்லூரியில் சேர வேண்டிய கடைசி நாள் செப்டம்பர் 24. கடிதத்தைச் செப்டம்பர் 1ஆம் தேதி கொடுத்தால், 21ஆம் தேதி வரை அந்த இரண்டு நாட்களையும் சேர்த்து 21 நாட்கள் ஆகின்றன. 30 நாளுக்கு 9 நாள் குறைகிறது. அவள் கணக்கில் 6 நாள் ஈட்டிய விடுப்பு பாக்கி இருந்தது. அதை நோட்டீசில் கழித்துக்கொள்ள நிர்வாகம் சம்மதித்தால் மீதி 3 நாள். அந்த 3 நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நாமே எழுதிவிடலாம். "21ஆம் தேதிக்குப் பிறகு வர மாட்டேன்" என்ற ஒரு வரியை இந்தக் கணக்காக மாற்றியதுமே கடிதத்தின் குணம் மாறிவிட்டது. அவள் போகிற நாள் அதேதான். ஆனால் இப்போது அவள் தன் கடமையைத் தெரிந்து வைத்திருக்கிறாள், குறையை ஈடுகட்டவும் வழி சொல்கிறாள். விடுப்பைக் கழிப்பது எல்லா இடத்திலும் உரிமையாகக் கிடைக்காது, நிர்வாகத்தின் விதியைப் பொறுத்தது. ஆகவே அந்த வரியை வேண்டுகோளாகவே எழுத வேண்டும்.

தேதியோடு ஷிப்டையும் எழுத வேண்டும் என்பது மருத்துவமனைக்கே உரிய நுணுக்கம். அவள் ரோஸ்டரைப் பார்த்தால் 18 முதல் 24 வரை நைட் டூட்டி போட்டிருந்தது. 21ஆம் தேதி இரவு ஏறினால் இறங்குவது 22ஆம் தேதி காலையில். அப்படியானால் கடைசி வேலை நாள் எது? வருகைப் பதிவில் ஒன்று இருக்கும், விடுவிப்பு ஆணையில் ஒன்று இருக்கும், வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் விலகிய தேதி இன்னொன்றாக ஏறும். பின்னால் இவை ஒத்துப்போகாமல் அலைய வேண்டியிருக்கும். அதனால் வார்டு இன்சார்ஜிடம் முதலில் நேரில் பேசி, அந்த வாரத்தை யாரோடாவது மாற்றிக்கொண்டு, "21ஆம் தேதி காலை ஷிப்டுடன்" என்று கடிதத்தில் எழுத முடிவு செய்தோம். இன்சார்ஜிடம் முதலில் பேசுவதில் மரியாதையும் அடங்கியிருக்கிறது. தன் வார்டுப் பெண் போகிறாள் என்ற செய்தியை மேலிடத்திலிருந்து கேள்விப்படும் இன்சார்ஜ் மனம் நோவார். அதில் நியாயமும் உண்டு.

இவ்வளவு பேசிய பிறகு, பணிவாக எழுதி வா என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் வந்த கடிதம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. "தாங்கள் பெரிய மனது வைத்து இந்த எளியவளை மன்னித்து, பணியிலிருந்து விலக அனுமதி அளிக்குமாறு தாழ்மையுடன் பணிந்து வேண்டுகிறேன். படிப்பு முடிந்ததும் கட்டாயம் தங்களிடமே வந்து பணிபுரிவேன் என உறுதி கூறுகிறேன்." நம் பள்ளிகளில் விடுப்பு விண்ணப்பம் எழுதப் பழகிய கை அப்படித்தான் போகும்.

இதில் இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன. விலக அனுமதி கேட்டால் அதை மறுக்கலாம், காத்திருக்க வைக்கலாம். "அனுமதி கேட்டிருந்தாய், இன்னும் கொடுக்கவில்லையே" என்று சொல்லி நோட்டீஸ் எந்த நாளிலிருந்து தொடங்கியது என்பதையே குழப்பலாம். முடிவு அவளுடையது. ஆகவே "ராஜினாமா செய்கிறேன்" என்று நேராகச் சொல்ல வேண்டும். எந்தெந்த இடத்தில் நிர்வாகத்தின் தயவு உண்மையாகவே தேவைப்படுகிறதோ, அதாவது நோட்டீசைக் குறைப்பதிலும் விடுப்பைக் கழிப்பதிலும், அங்கே மட்டும் வேண்டுகிறேன் என்று எழுதினால் போதும். அப்போது வேண்டுகோளுக்கு ஒரு மதிப்பும் இருக்கும். இரண்டாவது ஆபத்து, திரும்பி வருவேன் என்ற உறுதிமொழி. இரண்டு ஆண்டுக்குப் பிறகு எங்கே இருப்போம் என்று தெரியாதபோது, அதை எழுத்தில் கொடுக்கக் கூடாது. இவர்கள் நல்லவர்கள் என்று காட்ட ஒரு பொய் வாக்குறுதி தேவையில்லை. மன்னிப்பும் அப்படித்தான். படிக்கப் போவதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

நன்றி சொல்லும் பகுதியில்தான் அவள் நெடுநேரம் தயங்கினாள். "இவர்களுக்கு எதற்கு சிஸ்டர் நன்றி? மனசில் இல்லாததை எப்படி எழுதுவது?" என்று கேட்டாள். மனதில் இல்லாததை எழுதவே வேண்டாம் என்றேன். நிர்வாகத்தைப் பொதுவாகப் புகழும் வாக்கியங்கள் யாருக்கும் போய்ச் சேர்வதில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று கேட்டேன். வேலையில் சேர்ந்த நாளில் தெரியாமல் இருந்தது, இன்று தூக்கத்தில் எழுப்பினாலும் செய்வாய் என்பது எது? யோசிக்காமல் சொன்னாள். வென்டிலேட்டர் நோயாளியைப் பார்த்துக்கொள்வது, ரத்த வாயுப் பரிசோதனை முடிவைப் படித்து டாக்டரிடம் சரியாகச் சொல்வது, இதயம் நின்றவருக்குப் புத்துயிர் கொடுக்கும் நேரத்தில் பதறாமல் நிற்பது. யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். வார்டு இன்சார்ஜ் சிஸ்டரும் சீனியர்களும். எம்.எஸ்சி.யில் எந்தப் பிரிவு எடுத்திருக்கிறாய் என்றேன். மெடிக்கல் சர்ஜிகல் நர்சிங் என்றாள். ஏன் அதை எடுத்தாய் என்று கேட்டதும் சிரித்துவிட்டாள். ஐ.சி.யூ.வில் வேலை பார்த்ததால்தான்.

அந்த இடத்தில் கடிதத்துக்குரிய நன்றி தானாக வந்துவிட்டது. இங்கே கற்றதுதான் அங்கே படிக்கப் போகத் தூண்டியது என்பது உண்மை. விலகும் காரணமும் நன்றியும் ஒரே வாக்கியத்தில் அமைந்துவிடுகின்றன. மேற்படிப்புக்காக விலகும் நர்சுக்கு மட்டும் கிடைக்கும் வசதி இது. வேறு மருத்துவமனைக்கோ வெளிநாட்டுக்கோ போகிறவர் இப்படி எழுத முடியாது. எம்.எஸ்சி.யில் சேர ஓர் ஆண்டுப் பணி அனுபவம் வேண்டும் என்பது விதி. ஆகவே இந்த மருத்துவமனையில் பார்த்த வேலை இல்லாமல் அந்த சீட்டும் இல்லை. இதைச் சொல்வதில் முகஸ்துதி எதுவும் கிடையாது.

சரி, லீவு கொடுக்காததும் மூன்று வென்டிலேட்டர் நோயாளிகளும் என்ன ஆவது? அவற்றை மறந்துவிடு என்று நான் சொல்லவில்லை. வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஆளுக்கொரு நர்ஸ் என்பதுதான் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஏற்கப்பட்ட அளவு. ஒருவர் மூவரைப் பார்த்தால் சளி உறிஞ்சுவது தள்ளிப்போகும், குழாய் நழுவினால் கவனிக்க ஆளிருக்காது, படுத்த நிலையை மாற்றாமல் புண் வரும். இது நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்டது, கட்டாயம் எழுத வேண்டியது. அதனாலேயே அதை ராஜினாமா கடிதத்தில் மூன்றாவது வரியாகச் செருகி வீணாக்கக் கூடாது. அங்கே அது கோபக்காரப் பெண்ணின் புலம்பலாகப் படிக்கப்படும். தனித் தாளில், எந்தெந்தத் தேதியில் எந்த ஷிப்டில் எத்தனை நோயாளிகள், எத்தனை நர்சுகள் என்று ரோஸ்டரைப் பார்த்து எழுதி, நோயாளிகளின் பெயர் இல்லாமல், சூப்பரிண்டெண்டென்டிடம் கொடுக்கலாம். விலகும்போது மனிதவளப் பிரிவில் நடக்கும் நேர்காணலிலும் சொல்லலாம். அங்கே அதற்குக் காது இருக்கும், கோப்பில் தனி இடமும் இருக்கும். லீவையும் சம்பளத்தையும் பற்றி வேண்டுமானால் அந்த நேர்காணலில் வாயால் சொல்லிக்கொள்ளட்டும்.

இப்படி எல்லாம் பிரித்து வைத்த பிறகு மிஞ்சியது ஒரு பக்கக் கடிதம்:

தேதி: செப்டம்பர் 1

பெறுநர்: நர்சிங் சூப்பரிண்டெண்டென்ட் அவர்கள்

வழி: வார்டு இன்சார்ஜ், மருத்துவத் தீவிர சிகிச்சைப் பிரிவு

பொருள்: மேற்படிப்பின் பொருட்டுப் பணியிலிருந்து விலகுதல் தொடர்பாக

மதிப்பிற்குரிய அம்மா,

மருத்துவத் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஸ்டாஃப் நர்சாகப் பணிபுரிந்து வரும் நான், எம்.எஸ்சி. நர்சிங் முழுநேரப் படிப்பில் சேர இருப்பதால், என் பணியிலிருந்து ராஜினாமா செய்கிறேன். செப்டம்பர் 21ஆம் தேதி காலை ஷிப்ட் என் கடைசிப் பணி நேரமாக இருக்கும்.

என் பணி நியமன ஆணைப்படி 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். கல்லூரியில் செப்டம்பர் 24ஆம் தேதிக்குள் சேர வேண்டியிருப்பதால் 21 நாட்களே தர இயலுகிறது. குறையும் 9 நாட்களில், என் கணக்கில் உள்ள 6 நாள் ஈட்டிய விடுப்பைக் கழித்துக்கொண்டு, மீதி 3 நாளுக்குரிய ஊதியத்தைப் பிடித்தம் செய்துகொள்ளுமாறு வேண்டுகிறேன். கல்லூரியின் சேர்க்கை ஆணை நகலை இத்துடன் இணைத்துள்ளேன்.

அவசர மருந்து வண்டியின் தினசரிச் சரிபார்ப்பும் எங்கள் பிரிவின் தொற்றுத் தடுப்புப் பதிவேடும் தற்போது என் பொறுப்பில் உள்ளன. இன்சார்ஜ் சிஸ்டர் குறிப்பிடுபவரிடம் இவற்றை 18ஆம் தேதிக்குள் விளக்கிக் கையெழுத்துப் பெற்று ஒப்படைத்துவிடுவேன்.

வென்டிலேட்டர் நோயாளிகளைக் கவனிப்பதையும் நெருக்கடி நேரத்தில் நிதானமாகச் செயல்படுவதையும் இந்தப் பிரிவில்தான் கற்றேன். மெடிக்கல் சர்ஜிகல் நர்சிங் பிரிவை நான் தேர்ந்தெடுத்ததற்கு இங்கே பெற்ற மூன்று ஆண்டுப் பயிற்சியே காரணம். பொறுமையாகக் கற்பித்த இன்சார்ஜ் சிஸ்டருக்கும் மூத்த சகோதரிகளுக்கும், வாய்ப்பளித்த தங்களுக்கும் என் மனமார்ந்த நன்றி.

விடுவிப்பு ஆணையையும் அனுபவச் சான்றிதழையும் பாக்கி ஊதியத்தையும் உரிய நேரத்தில் வழங்கி உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
(கையொப்பம், பெயர், பணியாளர் எண்)

நகல்: மனிதவளப் பிரிவு

முதல் கடிதத்தில் அவள் கேட்ட எல்லாம் இதிலும் இருக்கின்றன, ஒரிஜினல் சான்றிதழ்களைத் தவிர. அதை வேண்டுமென்றேதான் விட்டேன். வேலையில் சேரும்போது ஒரிஜினல்களை வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது தவறான வழக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கல்லூரியில் சேரும் நாளில் ஒரிஜினல்களைக் காட்ட வேண்டும் என்பதால், அவை 21ஆம் தேதிக்கு முன்பே கைக்கு வர வேண்டும். ராஜினாமா கடிதத்தில் கலந்துவிட்டால் எல்லாக் கணக்கும் முடிந்த பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிடுவார்கள். ஆகவே என்னென்ன சான்றிதழ்கள், எந்த நாளுக்குள் தேவை, எதற்குத் தேவை என்று வரிசையாக எழுதி, அதே நாளில் மனிதவளப் பிரிவுக்குத் தனி விண்ணப்பம் கொடுத்தாள்.

பல தனியார் மருத்துவமனைகளில் கடிதத்தை ஆங்கிலத்தில்தான் கேட்பார்கள். தமிழில் இப்படி ஒழுங்காக எழுதி வைத்துக்கொண்டு, பத்தி பத்தியாக மாற்றினால் குறையொன்றும் வராது. ஆங்கிலக் கடித மாதிரிகளைப் பார்த்து அப்படியே எடுத்தால்தான் வம்பு. அவற்றில் அவசர மருந்து வண்டியும் இருக்காது, காலை ஷிப்டும் இருக்காது.

அரசு மருத்துவமனையில் நிரந்தரப் பணியில் இருக்கும் நர்சுகள் இந்த மாதிரியைப் பின்பற்றவே கூடாது. அவர்கள் படிக்கப் போக முதலில் கேட்க வேண்டியது துறையின் தடையில்லாச் சான்றும் படிப்புக்கான விடுப்பும்தான். அரசுப் பணியில் ராஜினாமா கொடுத்தால் அதுவரை பார்த்த பணிக்காலம் பொதுவாகக் கணக்கில் வராமல் போய்விடும். அவசரப்பட்டு ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு அதை இழந்துவிடக் கூடாது. தனியாரிலும் ஐந்து ஆண்டு முடிய ஓரிரு மாதமே இருக்கும் நர்ஸ், பணிக்கொடைக்குத் தகுதி வரும் நாளைப் பார்த்துவிட்டுத் தேதி குறிப்பது நல்லது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியுடன் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். கணினி வழியாகக் கொடுக்கும் இடமானால் மனிதவளப் பிரிவுக்கும் சூப்பரிண்டெண்டென்டுக்கும் மின்னஞ்சலாகவும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். நோட்டீஸ் எந்த நாளில் தொடங்கியது என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் சான்று அது ஒன்றுதான்.